ரயில் எண்ண வைத்தவர்கள்: வேலைக்குக் காசு கேட்பவனை அடையாளம் காண்பது எப்படி?

மன்னார்புரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மின்கம்பத்தைக் கொஞ்சம் பாருங்கள். வீடு வாடகை, மூலம் பவுத்திரம், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்று ஒட்டிய துண்டு நோட்டீஸ்களுக்கு நடுவே வேலைவாய்ப்பு நோட்டீஸும் இருக்கும். பத்தாம் வகுப்பு போதும், முன் அனுபவம் வேண்டாம், மாதம் நாற்பதாயிரம், சாப்பாடும் தங்கும் இடமும் இலவசம். கம்பெனி பெயர் இருக்காது, முகவரி இருக்காது, ஒரு செல்போன் எண் மட்டும் இருக்கும். இப்போது அதே நோட்டீஸ் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. அந்த எண்ணுக்கு அழைத்தால் இரண்டாவது நிமிடத்திலேயே "பதிவுக் கட்டணம்" என்ற சொல் வந்துவிடும்.

இந்த ஊரில் இன்னொரு வகைப் பேச்சும் உண்டு. ரயில்வே ஜங்ஷனும் பொன்மலை ஒர்க்ஷாப்பும் மன்னார்புரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அதனால் "ரயில்வேயில் ஆள் இருக்கிறார், கொஞ்சம் செலவாகும், பையனைச் சேர்த்துவிடலாம்" என்று சொல்கிற ஒருவர் எப்படியும் நம் தெரு வரைக்கும் வந்துவிடுகிறார். நோட்டீஸ்காரன் கேட்பது ஆயிரங்களில், ரயில்வே ஆள் கேட்பது லட்சங்களில். ஆனால் இருவரும் செய்வது ஒரே வியாபாரம். வேலைக்குச் சேருகிறவனுக்குச் சம்பளம் வர வேண்டும். அவன் கையிலிருந்து பணம் போகிறது என்றால் அங்கே வேலை என்று ஒன்று இல்லை. விற்பனைக்கு இருப்பது அவனுடைய ஆசைதான்.

இதைப் புரிந்துகொள்ள, நாடே பேசிய ஒரு சம்பவத்தை முழுதாகப் பார்ப்போம். அதில் ஏமாந்தவர்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்.

புதுடெல்லி ஸ்டேஷனில் ஒரு மாதம்

2022 ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 இளைஞர்கள் புதுடெல்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் உட்கார்ந்து ரயில்களை எண்ணினார்கள். எத்தனை ரயில் வந்தது, எத்தனை போனது, ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டி என்று தினமும் எட்டு மணி நேரம், ஏறக்குறைய ஒரு மாதம் எண்ணிக் குறித்தார்கள். டிக்கெட் பரிசோதகர், போக்குவரத்து உதவியாளர், எழுத்தர் ஆகிய வேலைகளுக்கு இதுதான் பயிற்சி என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது.

இந்தப் பயிற்சிக்காக ஒவ்வொருவரும் 2 லட்சம் முதல் 24 லட்சம் ரூபாய் வரை கொடுத்திருந்தார்கள். மொத்தம் 2 கோடியே 67 லட்சம். எம்.பி.க்களையும் அமைச்சர்களையும் தெரியும் என்று சொன்ன ஒருவர், பணத்தை வாங்கிய இன்னொருவர் என்று சங்கிலி போனது. நடுவில் இருந்தவர் ஒரு முதிய முன்னாள் படைவீரர். வேலையில்லாத பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாக நினைத்தே இவர்களைக் கூட்டிச் சென்றதாகவும், தனக்கென்று எதுவும் வாங்கவில்லை என்றும் அவர் சொன்னார். ஏமாற்றம் தெரிந்ததும் புகார் கொடுத்தவரும் அவரே. டெல்லி போலீஸின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. டிசம்பர் மாதம் செய்தி வெளியே வந்தது.

இளைஞர்கள் கையில் எல்லாக் காகிதமும் இருந்தன. மருத்துவப் பரிசோதனைக்கு கன்னாட் பிளேஸ் ரயில்வே மருத்துவமனைக்கு வரச்சொன்னார்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரு ரயில்வே அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள். பயிற்சிக் குறிப்புகள் கொடுத்தார்கள், அடையாள அட்டை கொடுத்தார்கள், பணி நியமன ஆணையும் கொடுத்தார்கள். பிறகு ரயில்வேயிடம் காட்டிச் சரிபார்த்தபோது எல்லாமே போலி என்று தெரிந்தது.

செய்தி வந்த நாளில் பலர் சிரித்தார்கள். "படித்த பையன்கள், ரயிலை எண்ணுவது ஒரு வேலையா என்று யோசிக்க வேண்டாமா" என்று கேட்டார்கள். சிரிக்க இதில் ஒன்றுமில்லை. ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு மாமனோ சித்தப்பாவோ இல்லாத வீட்டுப் பையனுக்கு, அங்கே முதல் மாதம் என்ன பயிற்சி தருவார்கள் என்று எப்படித் தெரியும்? எந்த அலுவலகத்திலும் புதிதாகச் சேர்ந்தவனுக்கு அர்த்தமில்லாத வேலைதான் முதலில் கொடுப்பார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருப்பான். ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம் எதுவும் இல்லை. ஏமாற்றியவன் நம்பியதும் அதைத்தான்.

அந்தச் சம்பவத்திலேயே இருந்த மூன்று தடயங்கள்

முதல் தடயம், ஆளுக்கொரு விலை. ஒருவரிடம் 2 லட்சம், இன்னொருவரிடம் 24 லட்சம். உண்மையான கட்டணம் என்று ஒன்று இருந்தால் அது அறிவிப்பில் அச்சாகியிருக்கும். விண்ணப்பிக்கும் அத்தனை பேருக்கும், அல்லது அந்தப் பிரிவில் வரும் அத்தனை பேருக்கும், அது ஒரே தொகையாக இருக்கும். உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது, எவ்வளவு புரட்ட முடியும் என்று பார்த்துச் சொல்லப்படும் தொகை கட்டணம் இல்லை. அதனால் யாராவது பணம் கேட்டால், பக்கத்தில் இருக்கும் இன்னொருவரிடம் எவ்வளவு கேட்டார்கள் என்று விசாரியுங்கள். "யாரிடமும் சொல்லாதே, உனக்காகத்தான் குறைத்திருக்கிறேன்" என்று அவர் ஏற்கெனவே வாயைக் கட்டியிருப்பார். அந்த எச்சரிக்கையே பதில்.

இரண்டாவது தடயம், கட்டடத்துக்கு வெளியே நடந்த சந்திப்புகள். பணம் வாங்கியவன் அந்த இளைஞர்களை எப்போதும் வெளியிலேயே சந்தித்தான். எந்த ரயில்வே கட்டடத்துக்குள்ளும் அவர்களைக் கூட்டிப் போகவே இல்லை. ஆஸ்பத்திரி உண்மை, அலுவலகம் உண்மை, ரயில் நிலையமும் உண்மை. ஆனால் நடைமேடையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், ஆஸ்பத்திரி வாசலில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். உண்மையான கட்டடத்தின் நிழலில் நின்று பேசினால் பேச்சும் உண்மை போலத் தெரியும், அவ்வளவுதான். திருச்சியிலும் இதே வேலையை ஜங்ஷன் வாசலிலோ பொன்மலை ஒர்க்ஷாப் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையிலோ செய்ய முடியும். வேலை தருகிறவன் தன் மேசையில், தன் பெயர்ப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவான். உங்களுடைய பெயர் அங்கே இருக்கும் ஒரு பதிவேட்டில் ஏறும். மேலே ஓர் அதிகாரியிடம் நீங்கள் நேரே கேள்வி கேட்க முடியும். இவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால் கட்டடத்தைப் பார்த்து நம்பக்கூடாது.

மூன்றாவது தடயம், பயிற்சிக்குப் பணம். இதை நம் பிள்ளைகள் அழுத்தமாக நினைவில் வைக்க வேண்டும். அரசு வேலையில் தேர்வானவர் பயிற்சிக்குப் போகும்போது அரசு அவருக்குப் பணம் தருகிறது. அதற்கு உதவித்தொகை என்று பெயர். தொழிற்பழகுநர் விஷயத்தில் இது சட்டமாகவே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை முதலாளி கொடுத்தாக வேண்டும். பொன்மலை ஒர்க்ஷாப்பில் பழகுநராகச் சேரும் ஐடிஐ பையன் அங்கே மாதாமாதம் வாங்குவான், கொடுக்க மாட்டான். வேலையில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பயிற்சிக்கு நீ பணம் கட்டு என்றால், பணம் ஓடும் திசையே தலைகீழாக இருக்கிறது.

உண்மையான வாசலில் என்ன கேட்பார்கள்?

போலியைத் தெரிந்துகொள்ள நல்ல வழி, அசலைத் தெரிந்து வைத்திருப்பது. ரயில்வே எழுத்தர், டிக்கெட் பிரிவு வேலைகளுக்கு ஆள் எடுப்பது ரயில்வே தேர்வு வாரியம். திருச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் விண்ணப்பிப்பது சென்னை வாரியத்துக்கு. எண்ணும் ஆண்டும் போட்ட அறிவிப்பு வெளியாகும். விண்ணப்பம் rrbapply.gov.in என்ற தளத்தில் நடக்கும். அதன் பிறகு கணினித் தேர்வு, அடுத்த கட்டத் தேர்வு, சில பதவிகளுக்குத் தட்டச்சுத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை. இவை எல்லாம் முடிந்த பிறகுதான் நியமனம், அதற்கும் பிறகுதான் பயிற்சி. தேர்வே எழுதாதவனுக்குப் பயிற்சி என்று ஒன்று கிடையாது.

இந்தத் தேர்வுக்கு எவ்வளவு கட்டணம்? சமீப ஆண்டுகளின் அறிவிப்புகளின்படி பொதுப் பிரிவினருக்கு 500 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் பெண்களுக்கும் இன்னும் சிலருக்கும் 250 ரூபாய். முதல் கட்டத் தேர்வை எழுதிவிட்டால் அந்த 250-ஐயும் வங்கிக் கழிவு போகத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். எஸ்சி, எஸ்டி தேர்வர்களுக்குத் தேர்வு எழுதப் போய்வர ரயிலில் இலவசப் பயணமும் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய் கட்டினால் போதும், எஸ்சி, அருந்ததியர், எஸ்டி பிரிவினருக்குத் தேர்வுக் கட்டணமே இல்லை. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்திலும், பணியாளர் தேர்வு ஆணையத்திலும் நமக்குத் தேர்வுக் கட்டண விலக்கு இருக்கிறது. தெற்கு ரயில்வேயின் பழகுநர் அறிவிப்புகளிலும் எஸ்சி, எஸ்டி விண்ணப்பதாரருக்குக் கட்டணம் கேட்பதில்லை.

இவை சலுகை என்று யாரும் இனாமாகக் கொடுத்தவை இல்லை. போராடிப் பெற்ற உரிமையின் ஒரு சிறு பகுதி. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் பளிச்சென்று விளங்கும். இந்த நாட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க மிகக் குறைவாகக் கட்டுகிறவர்கள் நாம். அப்படியிருக்க, "எஸ்சி கோட்டாவில் பின்னடைவுப் பணியிடம் காலியாக இருக்கிறது, அறிவிப்பே வராது, நேரடியாகப் போட்டுவிடுவார்கள், மூன்று லட்சம் ஆகும்" என்று ஒருவன் வந்து சொன்னால், அவன் நம் உரிமையின் பெயரைச் சொல்லியே நம்மிடம் பறிக்கிறான். பின்னடைவுப் பணியிடம் என்பது உண்மையில் இருக்கும் ஒன்றுதான். அதை நிரப்பவில்லை என்று நாம் தெருவில் இறங்கிப் பேசியும் வருகிறோம். ஆனால் அதை நிரப்புவதற்கும் அறிவிப்பு வரும், தேர்வு வரும், பட்டியல் வரும். டீக்கடையில் பேசி நிரப்புகிற கோட்டா எந்த அரசாணையிலும் இல்லை.

சம்பளத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ரயில்வேயில் டிக்கெட் எழுத்தர் பதவிக்கு ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் இதன் மேல்தான் சேரும். இது ஒளிவு மறைவான தகவல் இல்லை. ஒவ்வொரு அறிவிப்பிலும் பதவிக்கு எதிரே போட்டிருக்கும். டெல்லிச் சம்பவத்தில் அதிகபட்சமாக வாங்கப்பட்ட 24 லட்சத்தை இந்த அடிப்படைச் சம்பளத்தால் வகுத்தால் 110 மாதம் வருகிறது. ஒன்பது வருட அடிப்படைச் சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு வேலைக்குச் சேர்வது என்று அர்த்தம். பேசுகிறவன் இந்தக் கணக்கைப் போடவிட மாட்டான். "போகப்போக எண்பதாயிரம் வரும், மேல்வரும்படி வரும்" என்று அவனே ஒரு சம்பளத்தை உருவாக்கிச் சொல்லுவான். ஆகவே அவன் சொல்லும் சம்பளத்தை அறிவிப்பில் உள்ள சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். அறிவிப்பைக் காட்ட முடியவில்லை என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது.

தனியார் வேலைக்கும் இதே சோதனைதான். அங்கே அறிவிப்பு இருக்காது, ஆனால் சந்தை இருக்கிறது. பேக்கிங் வேலைக்கு மாதம் 45,000 என்று நோட்டீஸ் சொல்கிறதா? ஊரில் உள்ள இரண்டு குடோன்களுக்குப் போய், இதே வேலைக்கு என்ன தருகிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக ஒருவன் தருகிறான் என்றால், அவன் ஏன் தர வேண்டும்? வேலை தெரிந்தவர்களே பாதிச் சம்பளத்துக்குக் கிடைக்கும்போது, அனுபவம் வேண்டாம், படிப்பு வேண்டாம் என்று உங்களுக்கு அள்ளிக் கொடுக்க அவனுக்கு என்ன தேவை? அந்த 45,000 அவன் ஒருபோதும் கொடுக்கப் போகாத பணம். அதனால்தான் அவனால் எவ்வளவு பெரிய எண்ணையும் எழுத முடிகிறது.

ஆயிரங்களில் நடக்கும் வியாபாரம்

இனி அந்த நோட்டீஸ்காரனின் கணக்கைப் பார்ப்போம். இது ஓர் உதாரணக் கணக்குதான், ஆனால் வியாபாரம் ஓடும் விதம் இதுவே.

முதல் அழைப்பில் 500 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். தொகை சின்னது, போனால் போகட்டும் என்று அனுப்பிவிடுவோம். இரண்டு நாளில் "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று முத்திரையும் கையெழுத்தும் போட்ட கடிதம் வாட்ஸ்அப்பில் வரும். நேர்காணல் என்று ஒன்று நடந்திருக்காது, அல்லது ஐந்து நிமிடம் போனில் பேசியிருப்பார்கள். அடுத்ததாகப் பயிற்சிக் கட்டணம் 3,500. அதற்கடுத்து யூனிபார்முக்கும் அடையாள அட்டைக்கும் 2,000. கடைசியாக லேப்டாப்புக்கு முன்பணம் 6,000, "முதல் மாதச் சம்பளத்தோடு திரும்பி வந்துவிடும்." ஆக மொத்தம் 12,000. ஒரே தடவையில் 12,000 கேட்டிருந்தால் நாம் போனை வைத்திருப்போம். படிப்படியாகக் கேட்கும்போது, ஏற்கெனவே கட்டிய 4,000 வீணாகிவிடக்கூடாதே என்று அடுத்த 2,000-ஐக் கட்டுகிறோம். கட்டிய பணமே நம்மை இழுத்துக்கொண்டு போகிறது.

அவனுக்கு ஒரு வாரத்தில் நூறு பேர் 500 ரூபாய் அனுப்பினால் 50,000. அதில் பத்துப் பேர் கடைசிப் படி வரை வந்தால் மேலும் ஒரு லட்சத்துக்கு மேல். இதற்கு அவனுக்குத் தேவை இரண்டு சிம் கார்டு, வேறு யாரோ ஒருவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, கொஞ்சம் நோட்டீஸ். யாருக்கும் வேலை தர வேண்டியதில்லை. யாராவது வேலைக்கு வந்து நின்றால்தான் அவனுக்குத் தொல்லை. 500-க்கும் 3,500-க்கும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற யாரும் மாட்டார்கள் என்பதும் அவன் கணக்கில் உண்டு. தொகை சிறியதாக இருப்பது இரக்கத்தால் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். டேலி சொல்லித் தருகிறேன், வெல்டிங் சொல்லித் தருகிறேன் என்று கட்டணம் வாங்கி, பாடம் நடத்தி, சான்றிதழ் கொடுக்கிற பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அவர்கள் விற்பது படிப்பு. அது தேவையா, விலை நியாயமா என்று பார்த்துச் சேரலாம். ஏமாற்று தொடங்குவது, படிப்பை வேலை என்ற பெயரில் விற்கும்போது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: "கட்டணத்தை முதல் மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், இப்போது என்னிடம் இல்லை." உண்மையில் 45,000 சம்பளம் தரப்போகிறவனுக்கு 3,500-ஐ அதில் கழித்துக்கொள்வது ஒரு விஷயமே இல்லை. போலி ஆள் உடனே "கம்பெனி ரூல்ஸ்" என்பான், "இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்பான்.

கம்பெனி பதிவு எண்ணையும் ஜிஎஸ்டி எண்ணையும் காட்டினால் நம்பலாமா? அவற்றைச் சரிபார்க்கலாம், ஆனால் அவை மட்டும் போதாது. பெரிய கம்பெனிகளின் பெயரையும் முத்திரையையும் யாரும் நகலெடுத்துப் போடலாம். அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, அதில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, இந்தக் கடிதம் உங்களுடையதா என்று கேளுங்கள். கடிதத்திலேயே உள்ள எண்ணுக்கு அழைத்தால் அவனே எடுத்து ஆமாம் என்பான். பணத்தை ஒரு தனிநபரின் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அதற்கு மேல் சோதனை எதுவும் தேவையில்லை. தமிழ்நாடு அரசே தனியார் வேலைகளுக்காக tnprivatejobs.tn.gov.in என்ற தளத்தை நடத்துகிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களை நடத்துகிறது. இரண்டிலும் வேலை தேடுகிறவரிடம் பணம் வாங்குவதில்லை.

ஏன் நம் தெரு?

ஏமாற்றுக்காரன் எல்லாச் சாதியிலும் ஆள் தேடுகிறான். ஆனால் இழப்பு எல்லா வீட்டிலும் ஒரே அளவில் விழுவதில்லை. ரயில்வேயிலும் வங்கியிலும் செயலகத்திலும் இரண்டு தலைமுறையாக ஆள் இருக்கும் குடும்பத்தில், இப்படி ஒரு கடிதம் வந்தால் பெரியப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்பார்கள். ஐந்து நிமிடத்தில் "இது டூப்ளிகேட்" என்று பதில் வந்துவிடும். சாதி என்பது நிலமாகவும் கோயிலாகவும் மட்டும் இருப்பதில்லை. அந்த ஒரு போன் அழைப்பாகவும் இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த எண் இல்லை. அவனுக்கு இருப்பது ஊரில் நாலு பேரைத் தெரிந்த ஒருவர். அவரும் நல்லவராகவே இருக்கலாம், டெல்லிச் சம்பவத்தில் இளைஞர்களைக் கூட்டிப் போன பெரியவரைப் போல. கூட்டிப் போகிறவர் நல்லவர் என்பதால் போகிற இடம் நல்லது ஆகிவிடாது.

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். அம்மாவின் தோடு, மகளிர் குழுக் கடன், பேரூராட்சியில் கூட்டிப் பெருக்கும் அப்பாவின் சேமிப்பு. வேலை கிடைத்தால் அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் வட்டிக்கு வாங்கியது. வேலை இல்லை என்று தெரிந்த நாளிலும் வட்டி நிற்காது. அதோடு "படிச்சும் ஏமாந்துட்டான்" என்ற பேச்சு வேறு. அந்த வெட்கம்தான் ஏமாற்றுக்காரனுக்குப் பாதுகாப்பு. பாதிக்கப்பட்டவன் வாய் திறக்காத வரை, அடுத்த தெருவில் அதே நோட்டீஸை அவன் ஒட்டலாம்.

கட்டிவிட்டால் என்ன செய்வது?

பணத்தை ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள். பணம் இன்னொரு கணக்குக்கு மாறுவதற்குள் புகார் போனால் வங்கி அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நேரம் போகப் போக அந்த வாய்ப்பு குறையும். பரிவர்த்தனை எண், அவனுடைய செல் எண், கடிதம், உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் அவனைத் திட்டி பிளாக் செய்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் புகார் கொடுக்கலாம். கொடுத்த நாள், இடம், கூட இருந்தவர்கள், நகை அடகு வைத்த ரசீது, வங்கியில் எடுத்த பதிவு ஆகியவை சாட்சி. ஏமாற்றிப் பணம் பறித்தல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் வரும், ஏழு ஆண்டு வரை சிறை. சம்பவம் எங்கே நடந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பெற வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. வாங்க மறுத்தால் புகாரை எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

அரசு வேலைக்கென்று பணம் கொடுத்தவர்களுக்கு இன்னொரு பயம் இருக்கும்: நாமும் லஞ்சம் கொடுத்த குற்றத்தில் மாட்டுவோமோ? அந்தப் பயத்தில் பொருள் இருக்கிறது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் விலக்கு உண்டு. பயிற்சிக் கட்டணம் என்று நம்பிக் கொடுத்ததற்கும், அதிகாரிக்குப் போகும் என்று தெரிந்தே கொடுத்ததற்கும் சட்டத்தில் வேறுபாடு இருக்கிறது. ஆகவே புகாரை எழுதும் முன் வழக்கறிஞரிடம் பேசுங்கள். அதற்கும் காசு வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி எஸ்சி, எஸ்டி மக்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி உரிமை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

தோழர்களே, விடுதிகளிலும் இரவுப் பாடசாலைகளிலும் படிப்பு வட்டங்களிலும் இயங்குகிற உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இல்லாத அந்தப் பெரியப்பாவின் போன் எண்ணை நாமே உருவாக்குவோம். பொன்மலையிலும் ஜங்ஷனிலும் நம் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். எஸ்சி, எஸ்டி ரயில்வே ஊழியர்களுக்குச் சங்கம் இருக்கிறது. வங்கியில், மின்வாரியத்தில், நீதிமன்றத்தில் நம்மவர்கள் இருக்கிறார்கள். துறைக்கு ஒருவராக ஐந்து பேரிடம் அனுமதி கேட்டு, அவர்கள் எண்ணை உங்கள் விடுதிச் சுவரில் எழுதி வையுங்கள். பக்கத்தில் இன்னொரு வரியையும் எழுதுங்கள்: ரயில்வே தேர்வுக் கட்டணம் 250 ரூபாய், தேர்வு எழுதினால் அதுவும் திரும்பி வரும். அந்த வரியைப் படித்த பையனிடம் ஒருவன் மூன்று லட்சம் கேட்டால், எதற்கு என்று அவன் திருப்பிக் கேட்பான்.